நீங்கள் ஏற்றிய வீடியோவை நீங்களே திரும்ப எடுப்பது: யூடியூப் ஸ்டுடியோவில் Download இருக்கும்போதும் இல்லாதபோதும்

சேனல் நடத்துபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கேட்பது கணினியில் இருந்த மூலக்கோப்பு அழிந்த பிறகுதான். ஆகவே எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மழுப்பாமல் எழுதியிருக்கிறேன்.

நானே ஏற்றிய வீடியோவைத் திரும்ப என் கணினிக்கு எடுக்க எங்கே போக வேண்டும்?

கணினியின் உலாவியில் studio.youtube.com திறந்து, சேனலுக்கு உரிய கணக்கில் உள்நுழையுங்கள். இடப்பக்கப் பட்டியலில் Content என்பதை அழுத்தினால் உங்கள் வீடியோக்கள் வரிசையாக வரும். வேண்டிய வீடியோவின் மேல் சுட்டியைக் கொண்டு சென்றால் அதன் தலைப்புக்குக் கீழே சில குறிகள் தோன்றும். அவற்றில் செங்குத்தாக மூன்று புள்ளிகள் உள்ளதை அழுத்துங்கள். திறக்கும் சிறு பட்டியலில் Download இருக்கும். அதை அழுத்தினால் எம்பி4 கோப்பாக இறங்கத் தொடங்கும்.

வீடியோ எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. Private, Unlisted என்று வைத்தவற்றையும் இதே வழியில் எடுக்கலாம். எடுப்பதற்காக ஒரு வீடியோவைப் பொதுவில் திறந்துவிடத் தேவையே இல்லை.

கைப்பேசியில் ஸ்டுடியோ செயலியில் தேடினேன், Download எங்குமே இல்லையே?

இந்த வேலைக்கு ஸ்டுடியோ செயலியை நம்ப வேண்டாம், உலாவிக்குப் போங்கள். கணினி கையில் இல்லாவிட்டால், கைப்பேசி உலாவியில் studio.youtube.com திறந்து, உலாவியின் அமைப்பில் கணினித் தளமாகக் காட்டும்படி மாற்றிக்கொண்டால் மேலே சொன்ன பட்டியல் கிடைக்கும். எழுத்துகள் சிறிதாக இருக்கும், பொறுமை தேவை.

யூடியூப் செயலியில் வீடியோவின் கீழே தெரியும் பதிவிறக்கப் பொத்தானையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அது இணையம் இல்லாதபோது செயலிக்குள்ளேயே பார்ப்பதற்கான வசதி. அதன் வழியே சேமித்த வீடியோ செயலிக்குள் பூட்டப்பட்டே இருக்கும். வேறொரு மென்பொருளில் திறந்து வெட்டி ஒட்டக்கூடிய எம்பி4 கோப்பாக வெளியே வராது.

4கே-யில் ஏற்றினேன். Download அழுத்தினால் 720p கோப்புதான் வருகிறது. என் அசல் எங்கே போயிற்று?

அசல் தொலைந்துவிட்டது என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் ஒரு கோப்பை ஏற்றியதும், பார்வையாளர்களின் கருவிக்கும் இணைய வேகத்துக்கும் ஏற்ப அதிலிருந்து பல அளவுகளில் புதிய பிரதிகள் தயாரிக்கப்படுகின்றன. ஸ்டுடியோவின் Download தருவது அப்படித் தயாரான பிரதிகளில் ஒன்றை. வீடியோவின் அளவைப் பொறுத்து அது 720p ஆகவோ 360p ஆகவோ இருக்கும். எவ்வளவு உயர்ந்த தரத்தில் ஏற்றியிருந்தாலும் இந்தப் பொத்தான் 720p-க்கு மேல் தராது.

இதனால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நொடிக்கு 60 மெகாபிட் வீதத்தில் பதிவான 30 நிமிட 4கே வீடியோவை எடுத்துக்கொள்வோம். 1,800 நொடிகளை 60 ஆல் பெருக்கி, மெகாபிட்டை மெகாபைட்டாக்க 8 ஆல் வகுத்தால் 13,500 எம்பி, அதாவது 13.5 ஜிபி. அதே வீடியோவின் 720p பிரதி நொடிக்கு 2 மெகாபிட் என்று கொண்டால் 450 எம்பி. முப்பதில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு வருகிறது. ஒருவருக்கு அனுப்பிக் காட்ட இது போதும். மறுபடி படத்தொகுப்பு செய்யவோ வண்ணம் திருத்தவோ இதை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

அசலைத் தேடிப் புறப்படும் முன் ஒரு சிறு வேலை இருக்கிறது, பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் Details பக்கத்தைத் திறந்தால், வலப்பக்கத்தில் வீடியோ இணைப்புக்குக் கீழே Filename என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் ஏற்றியபோது உங்கள் கோப்புக்கு என்ன பெயர் இருந்ததோ அது அங்கே அப்படியே பதிவாகியிருக்கும். அந்தப் பெயரை உங்கள் கணினியிலும் பழைய வட்டுகளிலும் தேடுங்கள். யூடியூப்பில் வைத்த தலைப்பை வைத்துத் தேடி ஏமாந்தவர்களுக்கு, உண்மையான பெயரைப் போட்டுத் தேடியதும் கோப்பு அகப்படுவது உண்டு.

கணினியிலேயே பார்க்கிறேன். மற்ற வீடியோக்களுக்கு Download இருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் இல்லை. ஏன்?

ஒரு வீடியோவுக்கு மட்டும் இல்லையென்றால் காரணமும் அந்த வீடியோவோடு சேர்ந்ததுதான். முதலில் பார்க்க வேண்டியது, அதை இன்று எத்தனை முறை இறக்கினீர்கள் என்பது. ஒரே வீடியோவை 24 மணி நேரத்துக்குள் 5 முறை இறக்கிவிட்டால் அதன் பிறகு வழி அடைபட்டுவிடும். இணையம் அறுந்து அறுந்து திரும்பத் திரும்ப முயன்றவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கு மருந்து காத்திருப்பதுதான், மறுநாள் நிலையான இணைப்பில் எடுங்கள்.

அடுத்தது இசை. யூடியூப் தன் கருவிகளுக்குள்ளேயே முன்அனுமதி பெற்று வைத்திருக்கும் பாடல்களில் ஒன்றை நீங்கள் வீடியோவில் சேர்த்திருக்கலாம். அந்த அனுமதி யூடியூப்பில் ஒலிக்க மட்டுமே தரப்பட்டதாக இருந்தால், பாட்டோடு சேர்ந்த கோப்பை உங்களுக்குத் தர அவர்களால் முடியாது. படம் முழுக்க நீங்கள் எடுத்ததாகவே இருந்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் கோப்பில் படமும் ஒலியும் சேர்ந்தே வருகின்றன.

மூன்றாவது காரணம் கடுமையானது. காப்புரிமை மீறல் என்றோ சமூக வழிகாட்டுதல் மீறல் என்றோ அந்த வீடியோவுக்கு ஸ்ட்ரைக் விழுந்திருந்தால் Download கிடைக்காது. வீடியோ ஏற்றி முடிந்தும் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். வேலை முடியும் வரை பொறுத்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்.

என் வீடியோவில் காப்புரிமை என்று ஏதோ எழுதியிருக்கிறது. ஸ்ட்ரைக் என்றுதான் அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. Content வரிசையில் Copyright என்று காட்டப்படுவது பல நேரங்களில் உரிமை கோரல் மட்டும்தான். உங்கள் வீடியோவில் உள்ள ஒரு பாட்டையோ காட்சியையோ தானியங்கி முறை அடையாளம் கண்டு, அதன் உரிமையாளர் பெயரில் குறித்து வைப்பது அது. விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தெரியாமலும் போகலாம். ஆனால் அது ஸ்ட்ரைக் அல்ல.

ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரி, வீடியோ நீக்கப்பட்ட பிறகு உங்கள் சேனல் மீது விழுவது. Copyright என்ற அந்தச் சொல்லின் மேல் சுட்டியை வைத்து See details அழுத்தினால் எது என்று தெளிவாக எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பதறி வீடியோவை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

சரி, 720p வேண்டாம், நான் ஏற்றிய அசலே வேண்டும். வழி இருக்கிறதா?

இருக்கிறது. அது ஸ்டுடியோவில் இல்லை, கூகுள் டேக்அவுட்டில் இருக்கிறது. உங்கள் கணக்கில் உள்ள தரவுகளை மொத்தமாக வெளியே எடுப்பதற்கான சேவை அது. takeout.google.com திறந்ததும் எல்லாச் சேவைகளும் தேர்வாகியிருக்கும். அப்படியே விட்டுவிட்டால் மின்னஞ்சல், புகைப்படம் என்று எல்லாம் சேர்ந்து கோப்பு மலையாகிவிடும். எனவே முதலில் Deselect all அழுத்துங்கள். பட்டியலின் அடிப்பகுதிக்கு இறங்கி YouTube and YouTube Music என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே All YouTube data included என்ற பொத்தான் இருக்கும். அதைத் திறந்து மறுபடி Deselect all அழுத்தி, videos என்பதை மட்டும் குறியிட்டு OK கொடுங்கள்.

அதன் பின் Next step. இணைப்பை மின்னஞ்சலில் பெறுவதா, டிரைவ் போன்ற சேமிப்பில் போடச் சொல்வதா என்று கேட்கும். டிரைவைத் தேர்ந்தால் அந்த அளவு உங்கள் சேமிப்பு ஒதுக்கீட்டிலிருந்து கழியும், ஆகையால் இடம் இல்லாதவர்கள் மின்னஞ்சல் இணைப்பையே கேளுங்கள். கோப்பு வகை .zip, அளவு 50 GB என்று வையுங்கள். அந்த அளவைத் தாண்டினால் தொகுப்பு பல கோப்புகளாகப் பிரிக்கப்படும், சிறிய அளவைத் தேர்ந்தால் துண்டுகள் கூடிக்கொண்டே போகும். கடைசியாக Create export. உடனே வராது. சேனல் சிறியதாக இருந்தால் சில நிமிடங்கள், பெரியதாக இருந்தால் நாட்கணக்கிலும் ஆகலாம். தயாரானதும் மின்னஞ்சல் வரும்.

மேலே கணக்கிட்ட அந்த 13.5 ஜிபி வீடியோவை இங்கே வைத்துப் பாருங்கள். அதே போன்று இன்னும் மூன்று இருந்தால் மொத்தம் 54 ஜிபி. 50 ஜிபி எல்லையைத் தாண்டுவதால் இரண்டு கோப்புகளாவது வரும். அவற்றை இறக்க 54 ஜிபி, விரித்து வைக்க இன்னொரு 54 ஜிபி என்று வட்டில் 108 ஜிபி காலி இடம் வேண்டும். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம் என்பதால் .zip ஆக்குவதால் அளவு குறையாது. பாதியில் இடம் தீர்ந்து நிற்பதைவிட இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு ஒரே ஒரு வீடியோதான் வேண்டும். அதை மட்டும் டேக்அவுட்டில் கேட்க முடியாதா?

முடியாது. videos என்று குறியிட்டால் அந்தச் சேனலின் எல்லா வீடியோக்களும் வரும். தனி வீடியோவைத் தேர்ந்தெடுக்க அங்கே இடமில்லை. நூற்றுக்கணக்கில் வீடியோக்கள் உள்ள சேனலுக்கு இது உண்மையிலேயே சுமைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே முதலில் உங்களிடமே Filename கொண்டு தேடுங்கள், பிறகு 720p போதுமா என்று யோசியுங்கள். இரண்டும் சரிப்படாவிட்டால் மட்டும் டேக்அவுட்டுக்குப் போங்கள்.

டேக்அவுட் வந்தது, ஆனால் அதில் என் சேனலின் வீடியோ ஒன்றுகூட இல்லை. ஏன்?

தவறான கணக்கிலிருந்து கேட்டிருப்பீர்கள். இதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். ஒரே மின்னஞ்சலில் நுழைந்தாலும், உங்கள் சேனல் உங்கள் சொந்தக் கணக்கில் இல்லாமல் ஒரு பிராண்டு கணக்கில் இருக்கலாம். பெயர் உங்கள் பெயராக இல்லாமல் சேனலுக்கென்று தனிப் பெயர் வைத்தவர்களுக்கு இது சகஜம். டேக்அவுட் பக்கத்தின் மேல்மூலையில் உள்ள படத்தை அழுத்தி, சேனலின் பெயரில் உள்ள கணக்குக்கு மாறிக்கொண்டு, அதன் பிறகு முன்சொன்ன படிகளைச் செய்யுங்கள்.

இன்னொருவரின் சேனலில் அவர் உங்களுக்கு ஸ்டுடியோ அனுமதி மட்டும் கொடுத்திருந்தால், உங்கள் டேக்அவுட்டில் அந்த வீடியோக்கள் வரவே வராது. ஏற்றியது நீங்களாக இருந்தாலும் சேனல் அவருடைய கணக்கில் இருக்கிறது. அவரைத்தான் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால், டேக்அவுட் வசதியையே நிர்வாகி மூடி வைத்திருக்கவும் கூடும். அப்போது நிர்வாகியிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

டேக்அவுட்டில் வந்தது அசல்தான் என்று எதை வைத்து நம்புவது?

நல்ல கேள்வி, கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட. ஏனென்றால் டேக்அவுட் வீடியோவை நீங்கள் ஏற்றிய அதே வடிவில் தரலாம், அல்லது எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 ஆகவும் தரலாம். கோப்பின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, அது வீடியோவின் தலைப்பைத்தான் தாங்கி வரும். கோப்பின் உள்ளே பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் நிறுவியவர்கள் இந்தக் கட்டளையைப் பயன்படுத்தலாம். கடைசியில் உள்ள பெயருக்குப் பதிலாக உங்கள் கோப்பின் பெயரைப் போடுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,width,height,r_frame_rate,bit_rate -of default=nw=1 video.mp4
```

வரும் விடையில் width=3840, height=2160 என்று இருந்தால் 4கே. அத்தோடு நின்றுவிடாதீர்கள், bit_rate-ஐயும் பாருங்கள். நமது உதாரணத்தில் அது 60000000-க்கு அருகில் இருக்க வேண்டும். அகலமும் உயரமும் சரியாக இருந்து, வீதம் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் அது மறுபடி சுருக்கப்பட்ட பிரதி. அதேபோல் உங்கள் கேமரா hevc என்ற வேறொரு சுருக்க முறையில் பதிவு செய்யும், படத்தொகுப்பு செய்யாமல் நேராக ஏற்றினீர்கள் என்று உறுதியாகத் தெரிந்து, இங்கே codec_name=h264 என்று வந்தால் அதுவும் அசல் அல்ல.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் இதே விவரங்கள் தெரியும்.

ஸ்டுடியோ எடிட்டரில் நடுவில் ஒரு பகுதியை வெட்டிவிட்டேன். வெட்டிய பகுதி இப்போது வேண்டும். Download-இல் வருமா?

வராது. ஸ்டுடியோவின் Download பார்வையாளர்களுக்குக் காட்டப்படும் வடிவத்தைச் சேர்ந்தது, வெட்டியது வெட்டியதாகவே இருக்கும். ஆனால் எடிட்டரில் வெட்டுவது அசலை அழிப்பதில்லை. Editor திறந்து, Save பொத்தானுக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிப் பட்டியலில் Revert to original அழுத்திச் சேமித்தால் பழைய முழு வீடியோ திரும்பும்.

ஒன்றை மறக்க வேண்டாம். திரும்பிய அந்த வீடியோ உங்களுக்கு மட்டுமல்ல, பார்வையாளர்களுக்கும் திரும்புகிறது. யாரோ ஒருவரின் முகவரியோ தொலைபேசி எண்ணோ தெரிந்ததால்தான் வெட்டினீர்கள் என்றால், முதலில் வீடியோவை Private ஆக்குங்கள். பிறகு மீட்டு, தயாராகும் வரை காத்திருந்து இறக்கிக்கொண்டு, மறுபடி வெட்டிச் சேமித்த பின்னரே பொதுவில் திறங்கள். நீண்ட வீடியோவுக்கு இந்தத் தயாரிப்பு மணிக்கணக்கில் ஆகும், அவசர நாளில் இதைத் தொடாதீர்கள்.

நேரலையாக ஒளிபரப்பியதற்கும் இதே வழிதானா?

வழி இதுதான், Content பக்கத்தில் Live என்ற பிரிவில் தேட வேண்டும். ஒளிபரப்பு முடிந்து, அது வீடியோவாகத் தயாரான பின்பே Download வரும். 12 மணி நேரத்துக்கு மேல் ஓடிய நேரலை பதிவாகச் சேமிக்கப்படாமல் போகலாம் என்பதால், நீண்ட நிகழ்ச்சிகளை அதற்குள் நிறுத்தி, புதிய நேரலையாகத் தொடங்குவது பாதுகாப்பு.

நேரலைக்கு அசல் என்று சொல்ல உங்களிடம் கோப்பு எதுவும் இல்லை, இணையத்தில் அனுப்பிய ஓடைதான் அசல். இணைப்பு தடுமாறிய இடங்களில் அந்தத் தடுமாற்றமும் அதிலேயே பதிந்திருக்கும். ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் ஒளிபரப்பும்போதே Start Recording அழுத்திக் கணினியிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கோப்பில் இணையத்தின் குறை எதுவும் ஏறாது.

மின்னஞ்சலில் வந்த இணைப்பு திறக்க மறுக்கிறது. இன்னொரு முறை .zip திறக்கவில்லை. என்ன செய்வது?

இணைப்பு சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். அதற்குள்ளும் ஒவ்வொரு தொகுப்பையும் 5 முறைக்கு மேல் இறக்க முடியாது. இரண்டில் எது கடந்திருந்தாலும் புதிதாக ஒன்றைக் கோர வேண்டியதுதான். .zip திறக்காததற்குப் பெரும்பாலும் பாதியில் நின்ற பதிவிறக்கமே காரணம். டேக்அவுட் பக்கத்தில் காட்டும் அளவையும் உங்கள் கணினியில் உள்ள கோப்பின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் திறக்காவிட்டால், 2 ஜிபி-க்கு மேற்பட்ட தொகுப்புகள் ஜிப்64 என்ற வடிவில் வருவதால் பழைய இயங்குதளம் திணறலாம். 7-ஜிப் போட்டுத் திறந்து பாருங்கள்.

வீடியோவை நீக்கிவிட்டேன். டேக்அவுட்டில் கிடைக்குமா?

கிடைக்காது. Delete forever என்பது சொல்லியபடியே செய்யும், நீக்கியதை மீட்டுத் தரும் குப்பைத்தொட்டி யூடியூப்பில் இல்லை. அதனால்தான் நீக்கும்போது வரும் எச்சரிக்கைப் பெட்டியிலேயே வீடியோவை இறக்கிக்கொள்ள ஓர் இணைப்பும் வைத்திருக்கிறார்கள். அதுவும் முன்சொன்ன 720p எல்லைக்கு உட்பட்டதே. அசல் உங்களிடம் இல்லாத வீடியோவை நீக்க நினைத்தால், முதலில் டேக்அவுட் எடுத்து, ffprobe-இல் சரிபார்த்துவிட்டு நீக்குங்கள். பார்வையிலிருந்து மறைப்பதுதான் நோக்கம் என்றால் Private ஆக்கினாலே போதும்.

இணைப்பைப் போட்டால் 4கே-யில் இறக்கித் தரும் தளங்கள் இருக்கின்றனவே, என் வீடியோதானே, அதில் எடுத்தால் என்ன?

வீடியோ உங்களுடையதுதான். ஆனால் யூடியூப்பின் பயன்பாட்டு விதிகள் அவர்கள் தந்த வழிகளைத் தவிர்த்து இறக்குவதை அனுமதிப்பதில்லை. அதை விட்டாலும், அந்தத் தளங்களால் எடுக்க முடிவது பார்வையாளருக்காகச் சுருக்கிய 4கே பிரதியைத்தான். உங்கள் அசல் அங்கே எட்டாது. Private வீடியோவுக்கு அவை வேலை செய்யவும் மாட்டா. அதற்காக உங்கள் கணக்கில் உள்நுழையச் சொல்லும் தளம் எதுவாக இருந்தாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். சேனலே கைமாறிப் போகும் வழி அது.